நல்ல கைக்கு ஏன் உறை?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கை கொஞ்சம் அசைகிறது, ஆனாலும் எல்லாவற்றுக்கும் இடது கைதான். நல்ல கையைக் கட்டிவைத்துப் பயிற்சி தருவார்களாமே, அது எப்படி உதவும்?

முதல் வாரங்களில் வலது கையை நீட்டியபோதெல்லாம் தோல்விதான், இடது கையில் வேலை சட்டென்று முடிந்திருக்கும். மூளை அதையே கற்றுக்கொண்டுவிடுகிறது. பிறகு ஓரளவு பலம் திரும்பினாலும் அந்தக் கையைக் கூப்பிடுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதை முதலில் குரங்குகளிடம் கண்டார்.

இந்தச் சிகிச்சையில் நல்ல கைக்கு ஒரு தடித்த உறை மாட்டுவார்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அது கையில் இருக்கும். வார நாட்களில் பல மணிநேரம் டம்ளர் எடுப்பது, பொத்தான் போடுவது என்று பயிற்சி, மெல்லக் கடினமாக்கிக்கொண்டே. இறந்த மூளைச் செல்கள் திரும்புவதில்லை. சுற்றியுள்ள செல்களின் இணைப்புகள் வலுப்பட்டு, கையை இயக்கும் பகுதி விரிகிறது. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 222 பேரிடம் இதைச் சோதித்தார்கள், பலன் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது.

ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானாக நிமிர்த்த முடிய வேண்டும். துளியும் அசையாத கைக்கு இது சரிவராது. அப்புறம், நடக்கும்போது தடுமாறுபவர் என்றால் உறையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் ஊன்றுவதற்கு அந்தக் கைதான் இருக்கிறது.