பேரன் சிங்கப்பூர் போகிறான், பாட்டிக்கு என்ன பரிசு வாங்கலாம்?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், கடலூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எங்களில் ஒருத்தி மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். அவள் மகளுக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. மூன்றாம் மாதம் மகளும் பேரனும் சிங்கப்பூர் கிளம்பிவிடுவார்கள். மற்ற நான்கு பேரும் சேர்ந்து 7,500 ரூபாய் வரை போடலாம் என்றிருக்கிறோம். சென்னையில் இருக்கும் அவள் மகனும் தன் பங்கைத் தருகிறேன் என்கிறான். வெள்ளிக் கொலுசு வாங்கலாம் என்று ஒருத்தி சொல்கிறாள், போட்டோ மாறிக்கொண்டே இருக்கும் டிஜிட்டல் ஃபிரேம் வாங்கலாம் என்று இன்னொருத்தி. எது சரி? – வாசகி, கடலூர்

பதில்: ஃபிரேம்தான். கொலுசு குழந்தைக்குப் போகிற பொருள், நீங்கள் கொடுக்க நினைப்பதோ உங்கள் தோழிக்கு. அது மட்டுமல்ல, பெண்ணைப் பெற்ற வீடு என்பதால் அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாம் அவரே செய்து முடித்திருப்பார். எப்படியும் வெள்ளியும் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், 925 தரமா, ஹால்மார்க் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் செய்யும் வெள்ளி நகைகளுக்கும் ஆறு இலக்க அடையாள எண் தருகிறார்கள். ஆனால் வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, அதனால் கேட்காவிட்டால் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். எண் இருந்தால் BIS Care என்ற செயலியில் போட்டுப் பார்க்கலாம்.

இனி ஃபிரேமுக்கு வருவோம். வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: தோழி வீட்டில் வைஃபை இருக்கிறதா? நம் வயதுக்காரர்கள் பலரும் போனில் இருக்கும் டேட்டாவை வைத்தே காலம் தள்ளுகிறோம். ஃபிரேமுக்கு சிம் கிடையாது, வைஃபை வழியாகத்தான் படம் வரும். போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுக்கலாம்தான். ஆனால் அவர் போனை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால் இணைப்பும் கூடவே போய்விடும். ஏற்கெனவே வந்த படங்கள் ஓடிக்கொண்டிருக்கும், புதியவை அவர் திரும்பி வந்து இணைத்த பிறகுதான் வரும். ஒரு வாரத்தில் அலுத்துப்போய் ஃபிரேம் அலமாரிக்குப் போய்விடும்.

மகன் பங்கு தருகிறேன் என்கிறாரே, அதை இங்கே பயன்படுத்துங்கள். ஃபிரேமின் விலையில் ஒரு பகுதியாக அதை வாங்க வேண்டாம், வீட்டு பிராட்பேண்டு கட்டணத்தை அவர் ஏற்றுக்கொள்ளட்டும். மாதம் 399 ரூபாய் திட்டம் என்றால் 18 சதவீத வரியோடு 471 ரூபாய், வருடத்துக்குச் சுமார் 5,650. உங்கள் நான்கு பேருடைய 7,500 முழுக்க ஃபிரேமுக்கு நிற்கும். மாதாமாதம் கட்ட வேண்டிய பணத்தைத் தோழிகள் ஏற்றுக்கொண்டால் நாலாவது மாதத்திலேயே யார் கட்டுவது என்ற பேச்சு வந்துவிடும். அதைப் பிள்ளை கட்டுவதுதான் முறை.

எதை வாங்குவது? 10 அங்குல அளவு மேஜையில் வைக்கப் போதும். கடையிலும் இணையத்திலும் “டிஜிட்டல் போட்டோ ஃபிரேம்” என்ற பெயரில் இரண்டு வகை கலந்து கிடக்கும். பென்டிரைவ், மெமரி கார்டு மட்டும் போடக்கூடியது ஒரு வகை. விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டால், சிங்கப்பூரிலிருந்து மகள் படம் அனுப்ப வழியே இல்லை. வைஃபையும் செயலியும் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது. விவரப் பக்கத்தில் ஐபிஎஸ் திரை என்றும் 1280 x 800 என்றும் இருக்கிறதா பாருங்கள். 1024 x 600 என்றிருந்தால் முகங்கள் சற்று மங்கலாகத் தெரியும். ஐபிஎஸ் இல்லாத திரையை நாற்காலியில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறிப்போகும். மாதச் சந்தா கட்டாமல் அடிப்படை வேலை நடக்கிறதா என்பதையும் பாருங்கள். பல நிறுவனங்களின் ஃபிரேம்களில் வருகிற Frameo செயலியில் இலவசமாகவே ஒரு தடவைக்குப் பத்துப் படங்களும், 15 வினாடி வீடியோவும் அனுப்பலாம். பேரன் சிரிப்பதற்கு 15 வினாடி தாராளம்.

இந்த ஃபிரேம்களில் பெரும்பாலானவற்றில் தடுமாற்றம் வரும் இடம் ஒன்று உண்டு. அவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். வீட்டு ரவுட்டர் 2.4, 5 என இரண்டு அலைவரிசைகளைத் தரும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால், 5G என்று முடிகிற பெயர் போனில் தெரியும், ஃபிரேமில் தெரியவே தெரியாது. உடனே ஃபிரேம் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மற்ற பெயரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்து இணைப்பு நிற்கவில்லை என்றால், இணைப்புக் கொடுக்க வந்த ஆளிடமே பெயரைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மகள் ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு மாலை போய் அங்கேயே உட்கார்ந்து இணையுங்கள். ஃபிரேமில் ஒரு குறியீட்டு எண் வரும். அதை மகள், மருமகன், மகன் மூவரும் தங்கள் செயலியில் போட வேண்டும். எண் கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும் என்பதால், பக்கத்தில் இல்லாதவரைப் போனில் வைத்துக்கொண்டே செய்துவிடுங்கள். எண்ணை வாட்ஸாப் குழுவில் போட வேண்டாம். அது கிடைத்தவர் யாரும் அந்த வீட்டு ஃபிரேமுக்குப் படம் அனுப்ப முடியும். அப்புறம், போனில் எடுக்கும் குழந்தைப் படங்கள் பெரும்பாலும் நெட்டுக்குத்தாக இருக்கும். படுக்கையாக வைத்த ஃபிரேமில் தலையோ காலோ வெட்டுப்படும். செட்டிங்கில் முழுப் படமும் தெரியும்படி மாற்றுங்கள், அல்லது ஃபிரேமையே நிமிர்த்தி வையுங்கள். இரவு பத்து மணிக்குத் திரை தானாக அணையும் நேரத்தையும் அப்போதே போட்டுவிடலாம். பேட்டரி இல்லாத மாடல்தான் அதிகம், அதனால் பிளக் பாயின்ட் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் நேரே விழாத இடமாகப் பாருங்கள்.

முதல் நாள் திரை காலியாக இருக்கக் கூடாது. மகனிடம் சொல்லிப் பழைய ஆல்பத்திலிருந்து அவர் அக்காவின் கைக்குழந்தைப் படங்கள் பத்துப் பதினைந்தை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லுங்கள். பேரன் படத்துக்கு அடுத்து அம்மாவின் அதே வயதுப் படம் வந்தால், பேரன் யார் ஜாடை என்று வீடே பேசும்.

இணையத்தில் வாங்குவதானால் பரிசு கொடுக்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வரும்படி ஆர்டர் போடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு ஏழு அல்லது பத்து நாள்தான் இருக்கும். ஒரு மாதம் முன்பே வாங்கிப் பீரோவில் வைத்தால், திறந்து பார்க்கும்போது கெடு முடிந்திருக்கும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், உடைந்து வந்திருந்தால் அதுதான் ஆதாரம். பில்லின் பிரதியை மகனுக்கு அனுப்பிவிடுங்கள், வாரண்டி கேட்கப் போகிறவர் அவர்தான். விற்றவர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தோழி வைஃபையே வேண்டாம் என்றால் ஃபிரேமை விட்டுவிடுங்கள். பாண்டிச்சேரி போனால் எஸ்.வி. படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை இருக்கிறது, 1959-இல் தொடங்கியது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்கிற காகிதம். தடித்த தாளில் கட்டிய ஆல்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தில் மாதத்துக்கு ஐந்து படம் வீதம் ஒரு வருடத்துக்கு அச்சிட்டுக் கொடுக்க ஸ்டூடியோவில் பேசிவிடலாம். மகள் அனுப்ப, உங்களில் ஒருவர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும். ஒட்டுவதற்குப் பசை வேண்டாம், நாளடைவில் படத்தில் கறை ஏறும். மூலைகளில் செருகும் காகித முக்கோணங்கள் ஸ்டேஷனரி கடையில் கேட்டுப் பாருங்கள்.