எச்சம் என்று நினைத்தால் விரலால் தொட்டுப் பாருங்கள்

ஐயா, இரண்டடி உயரக் கறிவேப்பிலைச் செடி நேற்று மாலை வரை தழைத்து நின்றது. காலையில் வெறும் ஈர்க்குதான் மிச்சம். நான்கு பச்சைப் புழுக்கள் இருந்தன. என்ன மருந்து அடிக்கலாம்? யூரியா போட்டால் சீக்கிரம் துளிர்க்குமா? வண்ணத்துப்பூச்சியைக் கொல்லவும் மனமில்லை.

மருந்து வேண்டாம். அந்தப் புழுக்கள் நேற்று வந்தவை அல்ல. ஒரு வாரத்துக்கும் மேலாக உங்கள் செடியில்தான் இருந்தன. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கடுகைவிடச் சிறிய மஞ்சள் முட்டைகளைக் கொழுந்தில் ஒவ்வொன்றாக இடும். பொரித்து வரும் புழு பழுப்பும் வெள்ளையுமாக, அசல் பறவை எச்சம் போலவே இலைமேல் கிடக்கும். அப்போது அது தின்பது மிகக் குறைவு. கடைசித் தோலுரித்துப் பச்சையான பிறகுதான் அசுரப் பசி. நான்கு புழு சேர்ந்தால் சின்னச் செடி ஓரிரவு தாங்காது.

ஆகவே வாரம் இருமுறை கொழுந்துகளைப் பாருங்கள். சந்தேகமான எச்சத்தைத் தலைப்பக்கம் மெல்லத் தொட்டால், புழுவாக இருந்தால் ஆரஞ்சு நிறக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டும். நெடி அடிக்கும், கடிக்காது. பிடித்து இழுக்காதீர்கள், கால்கள் இலையை இறுகப் பற்றியிருக்கும். இலையோடு கிள்ளி, வளர்ந்த கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் இவற்றில் ஒன்றின் கொழுந்தில் செருகிவிடுங்கள். வேறு செடியில் விட்டால் பட்டினியில் சாகும். பெரிய மரத்துக்கு நாலைந்து புழு ஒரு பொருட்டே அல்ல.

மரம் இல்லையென்றால், துணி மூடிய அகலமான டப்பாவில் தினமும் புதுக் கொத்து வைத்து, கழிவை அகற்றி வளர்க்கலாம். தீனியை விட்டு அலையத் தொடங்கினால் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். அதில் இடுப்பில் நூல் கட்டிக் கூடாகும். ஏறத்தாழ பத்து நாளில் பூச்சி வெளிவரும்.

இனி யூரியா. இதைத்தான் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: போடாதீர்கள். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இளங்கொழுந்து அடர்ந்து வரும். முட்டையிட வரும் பூச்சி தேடுவது அதைத்தான். புழுவுக்கு விருந்து வைத்துவிட்டு மருந்துக்கு ஓடுவது என்ன விவசாயம்? தண்ணீரையும் குறையுங்கள். இலையில்லாத செடி அதிகம் உறிஞ்சாது, ஈரம் தேங்கினால் வேர் அழுகும்.

மருந்து விற்பவர் செடிக்குள் ஊடுருவும் மருந்தைக் கையில் திணிப்பார். பறித்து அப்படியே தாளிக்கும் இலையில் அதை அடிக்கச் சொல்பவருக்கு உங்கள் வயிற்றைப் பற்றிக் கவலையில்லை. வண்ணத்துப்பூச்சியின் முட்டைக்குள் தம் முட்டையை இட்டுப் புழுவை ஒழிக்கும் சிறு குளவிகளையும் அந்த மருந்து சேர்த்தே கொல்லும். அடுத்த தலைமுறைப் புழு தடையின்றிப் பெருகும்.

தண்டு பச்சையாக இருந்தால் சில வாரங்களில் துளிர்விடும். முதல் துளிர் விரல்நீளம் வந்த நாளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.