6.42 சிஜிபிஏக்கு எத்தன பர்சன்டேஜ் போடணும்?

அம்மா, உங்க பொண்ணுக்கு 6.42, வேலைக்கான ஃபார்ம்ல மினிமம் 60 பர்சன்ட் கேக்குறாங்க, நெட்ல பாத்தா ஆளுக்கு ஒரு ஃபார்முலா சொல்றாங்கன்னு கேட்டிருந்தீங்க. உங்க பதட்டம் புரியுது, ஏன்னா இந்த 6.42ங்கிற நம்பர் சரியா அந்த எல்லைக்கோட்டுல நிக்குது.

போட்டுப் பாருங்க. பத்தால பெருக்கினா 64.2, பாஸ். 9.5ஆல பெருக்கினா 60.99, அதுவும் தப்பிச்சிரும். ஆனா 0.5 கழிச்சிட்டு பத்தால பெருக்கினா 59.2, அப்ளை பண்ணவே முடியாது. அதே பொண்ணு, அதே படிப்பு, மூணு பதில். இதுல எது பெருசா வருதோ அத எடுத்துப் போட்டுறலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அங்கதான் பின்னாடி மாட்டிக்கிறாங்க.

அந்த 9.5 டிகிரிக்கானதே இல்ல. சிபிஎஸ்இ பத்தாங்கிளாஸ்ல மார்க் இல்லாம கிரேடு மட்டும் குடுத்த காலத்துல போர்டு சொன்ன கணக்கு அது. 0.5 கழிக்கிறத சில யுனிவர்சிட்டி வச்சிருக்கும். ஏஐசிடிஇ கைடுலைன்ல இருக்கிற டேபிள் அதுக்கும் வேற, அதுல 6.75 இருந்தாதான் 60 பர்சன்ட், 6.25க்கு 55. பத்தால பெருக்குறத சில யுனிவர்சிட்டி தன் ரெகுலேஷன்லயே எழுதி வச்சிருக்கும், சிலது வேற கணக்கு வச்சிருக்கும். அதனால டிகிரி குடுத்த யுனிவர்சிட்டி என்ன சொல்லுதோ அது மட்டும்தான் உங்களுக்கு ஃபார்முலா, பக்கத்து வீட்டுப் பையனோட காலேஜ் கணக்கு உங்களுக்கு செல்லாது.

"எல்லா பேப்பர் மார்க்கையும் கூட்டி நாங்களே பர்சன்டேஜ் போட்டா என்ன?"ன்னும் கேட்டீங்க. அப்சல்யூட் கிரேடிங்னா ஓரளவு நெருங்கி வரும், ஏன்னா அதுல 61லேர்ந்து 70க்குள்ள எடுத்தா இந்த கிரேடுன்னு முன்னாடியே ஃபிக்ஸ் பண்ணிருப்பாங்க, கிளாஸ்ல மத்தவங்க எவ்வளவு எடுத்தாலும் அது மாறாது. ரிலேட்டிவ்ல அப்படி இல்ல. உதாரணத்துக்கு ஒரு கஷ்டமான பேப்பர்ல கிளாஸ் ஆவரேஜே 48, உங்க பொண்ணு 62ன்னு வைங்க, அவ மேல் வரிசையில இருக்கறதால நல்ல கிரேடு விழும், 9 பாயின்ட் கூட வரலாம். இன்னொரு ஈஸியான பேப்பர்ல ஆவரேஜ் 80, இவ 78, அங்க நடுவுல உக்காந்துருவா, 7தான் வரும். மார்க் கூட எடுத்த பேப்பர்ல பாயின்ட் கம்மி! அதனால ரிலேட்டிவ்ல வந்த சிஜிபிஏவ பர்சன்டேஜா மாத்தினா வர்றது அவ எடுத்த மார்க் இல்ல, யுனிவர்சிட்டி ஒத்துக்கிட்ட ஒரு சமமான நம்பர், அவ்வளவுதான். ஒரே டிகிரிக்குள்ளயே ரெண்டும் கலந்தும் வரும், அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல 30 பேருக்கு மேல இருந்தா ரிலேட்டிவ், அதுக்குக் கீழன்னா அப்சல்யூட், அதனால எலெக்டிவ் பேப்பர்ல வேற மாதிரி வரலாம்.

இப்ப என்ன பண்ணணும்னா, முதல்ல கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட்டோட பின்பக்கம் பாருங்க, நிறைய பேர் அத திருப்பிக்கூட பாக்கறதில்ல, கன்வெர்ஷன் ஃபார்முலா சின்ன எழுத்துல அங்க இருக்கும். இல்லன்னா அவ சேர்ந்த வருஷத்து ரெகுலேஷன் பிடிஎஃப்ல தேடுங்க, புது பேட்ச் ரெகுலேஷன எடுத்துராதீங்க. அங்கயும் இல்லன்னா எக்ஸாம் கன்ட்ரோலரான சிஓஇ ஆஃபீஸ்ல எழுதிக் குடுத்து கன்வெர்ஷன் சர்டிஃபிகேட் வாங்குங்க, அட்டானமஸ் காலேஜ்னா காலேஜ்லயே சிஓஇ இருப்பாங்க. எப்படியும் அந்த சர்டிஃபிகேட்ட இப்பவே வாங்கி வச்சிடுறது நல்லது, ஐபிபிஎஸ் மாதிரி பேங்க் எக்ஸாம்ல அப்ளை பண்றப்ப நம்பர் மட்டும் கேப்பாங்க, இன்டர்வியூக்கு கூப்பிட்டா யுனிவர்சிட்டியோட கன்வெர்ஷன் விதியும் இவளோட பர்சன்டேஜும் எழுதின சர்டிஃபிகேட்ட காட்டச் சொல்லுவாங்க, அந்த நேரத்துல ஓடினா கைக்கு வராது.

ரவுண்ட் பண்ணாதீங்க. ஐபிபிஎஸ் நோட்டிஃபிகேஷன்லயே 59.99ன்னாலும் 60க்குக் கீழதான்னு தெளிவா போட்டிருப்பாங்க. ஃபார்ம்ல சிஜிபிஏ போட தனி கட்டம் இருந்தா 6.42ன்னு அப்படியே போட்டு, அவுட் ஆஃப் 10ன்னு செலக்ட் பண்ணுங்க, அங்க கன்வெர்ட் பண்ணி 64.2ன்னு அடிச்சா அது வேற குழப்பம். செமஸ்டர் ஜிபிஏ எல்லாத்தையும் கூட்டி எட்டால வகுக்கவும் வேணாம், ஒவ்வொரு செமஸ்டர்லயும் கிரெடிட் வேற வேற, கடைசி மார்க்‌ஷீட்ல அச்சடிச்ச சிஜிபிஏதான் கணக்கு.

உங்க யுனிவர்சிட்டி கணக்குப்படி 59.2தான் வருதுன்னா மனச தேத்திக்கிட்டு அந்த போஸ்ட்ட விட்டுருங்க. 60ன்னு போட்டு எக்ஸாம் பாஸ் பண்ணி, டாக்குமென்ட் வெரிஃபிகேஷன்ல வெளிய அனுப்பினா அவ படிச்ச அத்தனை மாசமும் போச்சு. ஐபிபிஎஸ் கிளர்க், பிஓ ரெண்டுக்கும் டிகிரி இருந்தா போதும், மினிமம் பர்சன்டேஜ் கிடையாது, அந்த நோட்டிஃபிகேஷன எடுத்துப் படிக்கச் சொல்லுங்க.