லேபிள் படிப்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

'ராகி பிஸ்கட்' என்று வாங்கினேன். நல்லதுதானே? (படம் இணைத்துள்ளேன்)

அனுப்பியது முன்பக்கப் படம். அது விளம்பரம், லேபிள் பின்னால் இருக்கிறது. எத்தனை முறை சொல்வது? இன்கிரீடியன்ட்ஸ் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் முடிந்தபிறகு ராகி வந்தால் அது மைதா பிஸ்கட். பெயரில் ராகி என்று போட்டால் அது எத்தனை சதவீதம் என்றும் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைத் தேடுங்கள்.

என் 5 வயது மகனுக்குக் காலையும் மாலையும் சத்து பானம் தருகிறேன். ஒரு வேளைக்குச் சர்க்கரை 12 சதவீதம்தான் என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

இந்த 'ஒரு வேளை' என்பதுதான் எனக்கு ஆகவே ஆகாத விஷயம். அந்த அளவைக் கம்பெனியே வைத்துக்கொள்கிறது. நீங்கள் அனுப்பிய லேபிளில் அது 20 கிராம், சேர்த்த சர்க்கரை 6 கிராம். 12 சதவீதம் என்பது நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான சர்க்கரை வரம்பான 50 கிராமில் போட்ட கணக்கு. உங்கள் பையனுக்கு அல்ல.

சரி, வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். குவித்து இரண்டு ஸ்பூன் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், 30 கிராமைத் தொடும். அதில் சர்க்கரை 9 கிராம். பாலில் தனியாக ஒரு ஸ்பூன் சீனி வேறு, அது சுமார் 5. ஒரு டம்ளருக்கு 14, இரண்டு டம்ளருக்கு 28. அந்த வயதுக்கு நாளைக்கு ஏறக்குறைய 1,300 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரையாக இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதாவது 32 கிராம். பிஸ்கட், ஜாம், ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் மிச்சம் நாலே கிராம். முதலில் அந்தச் சீனியை நிறுத்துங்கள், அப்புறம் மாலை டம்ளரை வெறும் பாலாக்குங்கள்.

இனி கடையில் 'ஒரு வேளை' பத்தியைப் பார்க்காதீர்கள். 100 கிராமுக்கான பத்தியை மட்டும் வைத்து இரண்டு டப்பாக்களை ஒப்பிடுங்கள்.

'நோ ஆடட் சுகர்' என்றால் இனிப்பே இல்லையா?

இல்லை. பழக்கூழிலேயே சர்க்கரை உண்டு. 'டோட்டல் சுகர்ஸ்' வரியைப் பாருங்கள். பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி இருந்தால் அதுவும் உடம்பில் வேகமாகக் குளுக்கோஸாகும், ஆனால் சர்க்கரை வரியில் ஏறாது.

உப்பு எவ்வளவு என்று எங்கேயும் போடவில்லையே?

சோடியம் என்று இருக்கும். இரண்டரையால் பெருக்குங்கள். 1,000 மில்லிகிராம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. பெரியவருக்கே நாள் முழுக்க 5 கிராம்தான். அந்த எண் 100 கிராமுக்கா, பாக்கெட்டுக்கா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

'பெஸ்ட் பிஃபோர்' தாண்டினால் தூக்கிப் போடணுமா?

அது ருசிக்கும் மொறுமொறுப்புக்கும் போட்ட தேதி. 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' தாண்டினால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.