சுண்ணாம்புக் கணக்கு

வணக்கம் ஐயா,
இளங்கலை வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எத்திலீன் ஆக்சைடைக் குளோரோஹைட்ரின் வழியாக இரண்டு படிகளில் தயாரித்தால் அணுச் சிக்கனம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். முதல் படிக்கு 68.8, இரண்டாம் படிக்கு 37.4 விழுக்காடு வந்தது. சராசரி எடுத்து 53 என்று எழுதினேன். அடித்துவிட்டு 25 என்று போட்டிருக்கிறார்கள். வெள்ளி வினையூக்கி வழிக்கு 100 விழுக்காடாம். அப்படியானால் அதில் கழிவே வராதா?
சு., மதுரை

அன்புள்ள சு.,

உங்கள் இரண்டு எண்களும் சரிதான், சராசரிதான் தவறு. முதல் படியில் கிடைக்கும் குளோரோஹைட்ரினை நீங்கள் கடையில் வாங்கவில்லை. உள்ளே பிறந்து உள்ளேயே தீர்ந்துபோகிறது. அணுச் சிக்கனம் என்பது உள்ளே போட்டவற்றின் மொத்த எடையில் எத்தனை விழுக்காடு வேண்டிய பொருளாகிறது என்பதுதான். அந்த மொத்தத்தில் வெளியிலிருந்து வாங்கிப் போட்டதை மட்டும் கூட்டவேண்டும்.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். முதல் படியில் குளோரோஹைட்ரினோடு HCl-உம் பிறக்கிறதல்லவா? இந்த வழியில் ஓடிய பழைய ஆலைகளில் அதைப் பிரித்தெடுத்ததில்லை. அமிலம் கலந்த கரைசலை அப்படியே அடுத்த கலத்துக்கு அனுப்பி, வெள்ளையடிக்கக் கரைத்துவைப்போமே, அதே சுண்ணாம்புப் பாலை ஊற்றுவார்கள். அதில் பாதி அமிலத்தை அடக்கவே செலவாகிவிடும். ஆக மொத்தச் சமன்பாடு இது:

C2H4 + Cl2 + Ca(OH)2 → C2H4O + CaCl2 + H2O

இடப்பக்கம் 28 + 71 + 74 = 173. வலப்பக்கம் 44 + 111 + 18, அதுவும் 173. இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் எங்கோ எதையோ விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 44-ஐ 173-ஆல் வகுத்தால் 25.4 விழுக்காடு. குளோரின் அணுக்களில் ஒன்றுகூடப் பொருளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வந்த குளோரின் முழுவதும் உப்பாகப் போகிறது. ஒரு கிலோ எத்திலீன் ஆக்சைடுக்கு இரண்டரைக் கிலோ கால்சியம் குளோரைடு.

அந்த இரண்டரைக் கிலோவும் மூட்டை கட்டி விற்கும்படி வந்தால் பரவாயில்லை. வருவதில்லை. குளோரோஹைட்ரின் கரைசல் செறிவாக ஆக, எத்திலீனோடு சேர்ந்த முதல் குளோரினை அடுத்துத் தண்ணீருக்குப் பதில் குளோரைடு அயனி வந்து ஒட்டிக்கொள்ளும், டைகுளோரோஈத்தேன் பெருகும். அதைக் கட்டுப்படுத்தத்தான் கரைசலை நூற்றுக்கு ஐந்து பங்கு என்ற அளவில் நீர்க்கவே வைத்திருப்பார்கள். ஒரு கிலோ எத்திலீன் ஆக்சைடுக்கு 1.83 கிலோ குளோரோஹைட்ரின் வேண்டும். அது கரைந்திருப்பதோ ஏறக்குறைய 35 கிலோ தண்ணீரில். கடைசியில் அவ்வளவும் உப்புத் தண்ணீராக வெளியே வரும். அணுச் சிக்கனக் கணக்கில் இந்தத் தண்ணீருக்கு இடமே கிடையாது. எனக்கு அந்த 25-ஐவிட இந்த 35 கிலோதான் பெரிய செய்தி.

இப்போது வெள்ளிக்கு வருவோம். எத்திலீனோடு அரை மூலக்கூறு ஆக்சிஜன் சேர்கிறது, 28 + 16 = 44, மிச்சம் ஒன்றுமில்லை. அந்த 100 தாளில் எழுதிய வினைக்கு உரியது. வெள்ளியின் மேல் கூடவே இன்னொரு வினையும் நடக்கிறது: எத்திலீன் எரிந்து கார்பன் டைஆக்சைடும் நீருமாகிறது. வினைப்பட்ட எத்திலீனில் நூற்றுக்கு 80 ஆக்சைடாகி, 20 எரிந்துபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். 80 மோல் ஆக்சைடு என்றால் 3,520 கிராம். எரிந்த 20 மோல் எத்திலீன் 40 மோல் கார்பன் டைஆக்சைடு தரும், அது 1,760 கிராம். அதாவது கிலோவுக்கு அரைக் கிலோ. கூடவே இருநூறு கிராம் தண்ணீர். ஆக்சைடாகும் இந்தப் பங்கு, அதாவது தெரிவுத்திறன், 90-ஐத் தொட்டால் கார்பன் டைஆக்சைடு 220 கிராமாகக் குறையும். வினைப்படாத எத்திலீன் சுற்றிவந்து மறுபடி உள்ளே போய்விடும், அதைக் கழிவில் சேர்க்காதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. எரிவதைக் கட்டுப்படுத்த, உள்ளே போகும் வாயுவில் பத்து லட்சத்தில் சில பங்கு குளோரின் சேர்மம் கலப்பார்கள். பெரும்பாலும் அது டைகுளோரோஈத்தேன். பழைய வழியில் தொல்லை தந்த அதே ஆசாமி!

ஆகவே தேர்வில் 25.4, 100 என்று எழுதுங்கள். பக்கத்திலேயே கிலோவுக்கு எவ்வளவு கழிவு என்பதையும் எழுதுங்கள்: ஒருபுறம் இரண்டரைக் கிலோ உப்பும் அதைச் சுமக்கும் தண்ணீரும், மறுபுறம் அரைக் கிலோவோ அதற்கும் குறைவாகவோ கார்பன் டைஆக்சைடு.

வெள்ளி இவ்வளவு நல்லது என்றால் புரோப்பிலீன் ஆக்சைடையும் அப்படியே செய்யலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். புரோப்பிலீனில் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி இருக்கிறது. வெள்ளி மேலிருக்கும் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பை விட்டுவிட்டு அந்த மெத்திலின் ஹைட்ரஜனைப் பிடுங்கப் போய்விடும், பெரும்பகுதி எரிந்துபோகும். அதனால்தான் சுண்ணாம்புப் பால் ஊற்றும் வேலை புரோப்பிலீன் ஆலைகளில் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.