மெனு வருது, படம் போட்டா ஸ்க்ரீன் கருப்பாகிடுது

"கேபிளும் ரிசீவரும் மாத்தினதுல இருந்து 4கே படம் போட்டா ஸ்க்ரீன் சில செகண்டுக்கு ஒருதடவ கருப்பாகி திரும்ப வருது, சில நேரம் வரவே மாட்டேங்குது. மெனு நல்லா தெரியுது. எப்படி சரி பண்றது?"

மெனு வந்து படம் மட்டும் போகுதுன்னா பெரும்பாலும் ஹெச்டிசிபி, அதாவது படத்த காப்பி அடிக்க விடாம தடுக்குற பூட்டு தான், ஆனா அது மேல பழி போடறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. ஒரு லேப்டாப்ப அதே கேபிள்ல, ரிசீவரோட அதே போர்ட்ல சொருகி, ஸ்ட்ரீமிங் பாக்ஸ் அனுப்புற அதே ரெசல்யூஷன்ல சும்மா டெஸ்க்டாப்ப மட்டும் காட்டுங்க. அதுவும் கட் ஆகுது, இல்ல புள்ளி புள்ளியா மின்னுதுன்னா கேபிளால அவ்வளவு வேகத்த தாங்க முடியல, ஹெச்டிசிபிக்கு சம்பந்தமே இல்ல. டெஸ்க்டாப் அசையாம நின்னு படம் மட்டும் போனா தொடர்ந்து படிங்க.

நடுவுல ரிசீவர் இருந்தா பாக்ஸ் அதுகிட்ட மட்டும் இல்ல, அது வழியா டிவிகிட்டயும் அனுமதி கேக்கும், ஒரு இடத்துல பதில் சரியா வரலன்னா படத்த நிறுத்திட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும், நீங்க பாக்குற விட்டு விட்டு வர்ற கருப்பு அதுதான். இந்தப் பேச்சு எல்லாம் கேபிள்ல படம் போற வயர்ல போறதில்ல, மெதுவான தனி வயர் ஒண்ணு இருக்கு, அதனால நீளமான கேபிள்ல படம் நல்லா போயும் இது மட்டும் சொதப்பும். ஆப்டிகல் கேபிள்னா சோர்ஸ் பக்கம், டிஸ்ப்ளே பக்கம்னு ரெண்டு முனையிலயும் எழுதியிருக்கும், திருப்பி மாட்டியிருந்தா வேலையே செய்யாது.

அடுத்து எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, ஸ்டாண்ட்பைல போட்டா பத்தாது, பிளக்கையும் ஹெச்டிஎம்ஐ கேபிளையும் கழட்டணும், ஏன்னா பாக்ஸ்ல இருந்து கேபிள் வழியா 5 வோல்ட் போய்ட்டே இருக்கும். ஒரு ரெண்டு நிமிஷம் விட்டுட்டு திரும்ப மாட்டி டிவி, அப்புறம் ரிசீவர், கடைசியா பாக்ஸ்னு ஆன் பண்ணுங்க. கேபிள் மாத்தினதால வந்த குழப்பம் நிறைய பேருக்கு இதோட போயிடும்.

போகலன்னா ரிசீவர் பின்னாடி பாருங்க. ஃப்ரெண்டு ஒருத்தர் வீட்டுல பழைய ரிசீவர், அதுல ரெண்டு போர்ட் பக்கத்துல மட்டும் HDCP 2.2 னு போட்டிருந்துச்சு, மனுஷன் பாக்ஸ மூணாவதுல சொருகியிருந்தார். பாக்ஸ 1080பிக்கு இறக்கினா படம் ஓடுது, 4கேக்கு ஏத்தினா கருப்பு. 4கே படத்துக்கு ஸ்ட்ரீமிங் ஆப் பொதுவா 2.2 கேக்கும், பழைய 1.4 ஒத்துக்காது. முதல் போர்ட்டுக்கு மாத்தினதும் சரியாயிடுச்சு. டிவி பக்கமும் இதே கதைதான், எல்லா போர்ட்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க.

ரிசீவர்ல எந்த போர்ட்லயும் 2.2 இல்லன்னா ஃபர்ம்வேர் அப்டேட் போட்டு பெருசா பலன் இருக்காது, அது பெரும்பாலும் சிப்லயே இருக்குற விஷயம். பாக்ஸ நேரா டிவில சொருகிட்டு, சவுண்ட மட்டும் டிவில ஏஆர்சின்னு போட்டிருக்குற ஹெச்டிஎம்ஐ போர்ட்ல இருந்து ரிசீவருக்கு அனுப்புங்க. படம் ரிசீவர் வழியாவே போகாது, அதுகிட்ட அனுமதி கேக்குற வேலையும் இல்ல. சாதா ஏஆர்சில டால்பி ட்ரூஹெச்டி மாதிரி கம்ப்ரஸ் குறைவான சவுண்ட் வராது, அதுக்கு ரெண்டு பக்கமும் அதோட புது வெர்ஷன் ஈஏஆர்சி இருக்கணும், ஆனா ஸ்ட்ரீமிங் மட்டும் பாக்குறவங்களுக்கு அது தேவைப்படாது.