ஒட்டிய ஆளைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளைச் சட்டை

"போட்டோவில் ஒருவரை வெட்டி ஒட்டியிருந்தால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?"

பல நேரங்களில் முடியும். ஒளி எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதைச் சொல்லும் அளவே வண்ண வெப்பநிலை. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின். அந்திவெயில் 3000 பக்கம் இறங்கி மஞ்சளாகிவிடும். அதை ஈடுசெய்ய, கமரா பொதுவாகப் படம் முழுவதற்கும் ஒரே விகிதத்தில் சிவப்பையும் நீலத்தையும் கூட்டிக் குறைக்கும். இதுதான் வெண்சமநிலை. ஒரு சட்டிக் குழம்புக்கு ஒரே உப்பு. வேறு சட்டியிலிருந்து வந்த மீன்துண்டு நாக்கில் தனியாகத் தெரியும்.

காலிமுகத்திடலில் அந்தியில் எடுத்த குழுப்படம் என்று வையுங்கள். வெயில் படும் ஒரு வெள்ளைச் சட்டையில், படம் திருத்தும் மென்பொருளின் நிறமெடுக்கும் கருவியை வைத்தால் சிவப்பு 235, பச்சை 212, நீலம் 178. பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையிலோ 214, 219, 231. ஒரே வெயிலில் நிற்கும் இரண்டு வெள்ளைகளில் ஒன்றில் சிவப்பு ஓங்கி, மற்றதில் நீலம் ஓங்கினால் அந்த ஆள் வேறு படத்திலிருந்து வந்திருக்கலாம். சட்டைக்குப் போட்ட நீலமும் கொஞ்சம் ஏமாற்றும், ஆகவே பல்லையும் கண்வெள்ளையையும் சேர்த்துப் பாருங்கள். வெயில் பட்ட இடத்தை வெயில் பட்ட இடத்தோடு மட்டுமே ஒப்பிடுங்கள்; நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும்.

நிறம் மாறினாலே போலி என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஃபிளாஷ் வெளிச்சம் கிட்ட நிற்பவரில் மட்டும் பட்டாலும் உண்மையான படத்திலேயே இதே வேறுபாடு வரும்.